வரவில்லை, வராது, வராவிட்டால்: ஓர் எழுத்தில் மாறும் பொருள்

கேள்வி: “என் தாய்மொழி இந்தி. சென்னைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வரவில்லை, வராது, வரமாட்டார், வருவதில்லை எல்லாமே எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. வராவிட்டால், வரவில்லையென்றால், வராமல் இருந்தால் என்று வந்துவிட்டால் முற்றிலும் குழம்பிப் போகிறேன். எதை எங்கே சொல்ல வேண்டும்?”

முதல் நான்கையும் பிரித்துக்கொண்டால் பின்னால் வரும் மூன்றும் பாதி தெளிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருப்பதாகவும், அவரைப் பற்றி நான்கு பேர் நான்கு வாக்கியங்கள் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம்.

அவர் காபி குடிக்கவில்லை.
அவர் காபி குடிப்பதில்லை.
அவர் காபி குடித்ததில்லை.
அவர் காபி குடிக்க மாட்டார்.

முதல் வாக்கியத்தைச் சொல்பவரின் கண் மேசைமேல் ஆறிக்கொண்டிருக்கும் டம்ளரின் மீது இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட காபி, ஒரு குறிப்பிட்ட நேரம், அது நடக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் வாக்கியம் வழக்கத்தைச் சொல்கிறது. அவருக்குக் காபிப் பழக்கம் இல்லை, எனவே அடுத்த முறை வந்தாலும் போட வேண்டியதில்லை என்பது அதன் உட்பொருள். மூன்றாம் வாக்கியம் அவருடைய வாழ்நாள் முழுவதையும் அளந்து, இதுவரை ஒருமுறைகூட அந்தச் சுவையை அவர் அறியவில்லை என்கிறது. நான்காவது இனி நடக்கப்போவதைப் பற்றியது: கொடுத்துப் பார்த்தாலும் பயனில்லை, அவர் தொடமாட்டார் என்னும் கணிப்பு அல்லது அவருடைய மறுப்பு.

இவற்றுள் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது முதலாவதில்தான், ஏனென்றால் அதில் காலம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அதில் காலமே இல்லை. ‘குடிக்க’ என்பதும் ‘வர’ என்பதும் காலம் காட்டாத எச்சங்கள். அவற்றோடு ‘இல்லை’ சேரும்போது இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் சேர்த்து ஒரே எதிர்மறை கிடைக்கிறது. வந்தான், வருகிறான் என்ற இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்தில் நிற்பது வரவில்லை என்ற ஒன்றுதான். “நேற்று மழை பெய்யவில்லை”, “இப்போது மழை பெய்யவில்லை” ஆகிய இரண்டிலும் காலத்தைச் சொல்வது நேற்று, இப்போது என்ற சொற்களே, வினை அல்ல. நான், நீ, அவள், அது என்று எழுவாய் மாறினாலும் அந்த வடிவம் மாறாது என்பது உங்களுக்கு ஒரு சலுகை. (மலையாளிகள் இங்கே ‘வந்தில்லை’ என்று சொல்லிவிடுவதுண்டு. அவர்கள் மொழியில் ‘வந்நில்ல’ என்பது இறந்தகால அடியோடு ‘இல்ல’ சேர்ந்து வருவது. அந்தப் பழக்கம் இங்கும் தொடர்ந்து வருகிறது.)

எதிர்காலத்துக்கு வரும்போது கவனம் தேவை. “நாளை தண்ணீர் வரவில்லை” என்று எழுதினால் தமிழர் காதில் இடறும். “நாளை தண்ணீர் வராது” என்பதே சரி. ஆனால் “நான் நாளை வரவில்லை” என்பது பிழையில்லாத, அன்றாடம் புழங்கும் வாக்கியம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. முடிவாகிவிட்ட பயணத்தை நாம் “நாளை ஊருக்குப் போகிறேன்” என்று நிகழ்கால வினையிலேயே சொல்கிறோம். அதன் எதிர்மறைதான் “போகவில்லை”. ஒருவர் தம் திட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது இது பொருந்தும். தண்ணீருக்குத் திட்டம் கிடையாது என்பதால் அதற்குப் பொருந்தாது.

அந்த நுட்பம் தெரியாமல் போனால் உறவே கெடலாம். நண்பர் தம் மகள் திருமணத்துக்கு அழைக்கிறார். உங்களுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. “மன்னிக்க வேண்டும், நான் வரவில்லை” என்றால் அது ஒரு செய்தி. “நான் வரமாட்டேன்” என்றால் அது பெரும்பாலும் மறுப்பாகவே காதில் விழும். அழைத்தவர் என்ன குறை கண்டீர்கள் என்று யோசிக்கத் தொடங்குவார். “என்னால் வர முடியாது” என்பது இயலாமையைச் சொல்வதால் அவ்வளவு உறுத்தாது. “வர முடியவில்லை” என்றால் வர விரும்பியும் தடை ஏற்பட்டது என்ற வருத்தமும் அதில் சேர்ந்துகொள்கிறது. திருமண வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது கடைசி வடிவத்தை.

மாட்டார், ஆது ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை திணை எல்லை. பிளம்பர் வரமாட்டார், தண்ணீர் வராது. அம்மா திட்டமாட்டாள், பூனை கடிக்காது. உயர்திணைக்கு மாட்டேன், மாட்டாய், மாட்டான், மாட்டாள், மாட்டார்கள் என்று எழுவாய்க்கேற்ப வினை மாறும். அஃறிணைக்கு ‘ஆது’ ஒன்றே போதும். பழந்தமிழில் எல்லா இடத்துக்கும் இப்படி ஒரு நேரடி எதிர்மறை இருந்தது: வாரேன், வாராய், வாரான். அவற்றுள் இன்றைய பொதுவழக்கில் முழுவினையாக உயிரோடு இருப்பது பெரும்பாலும் அஃறிணை வடிவம்தான். இலங்கைச் செய்தித்தாள்களில் “அரசு அனுமதிக்கமாட்டாது” என்று காணலாம். அது அந்நாட்டு வழக்கு, பிழையன்று. தமிழ்நாட்டில் அதே வாக்கியத்தை “அரசு அனுமதிக்காது” என்று எழுதுவார்கள்.

இந்த விதியைத் தமிழர்களே வேண்டுமென்று மீறி விளையாடும் இடம் ஒன்று உண்டு. “வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது”, “கதவு திறக்க மாட்டேன் என்கிறது” என்று எந்த வீட்டிலும் கேட்கலாம். வண்டியே வாய் திறந்து “கிளம்ப மாட்டேன்” என்று அடம்பிடிப்பதுபோல அதன் வாயில் தன்மை வினையை வைத்து, வாக்கியத்தை மட்டும் ‘என்கிறது’ என்று அஃறிணையில் முடிக்கிறோம். “வண்டி கிளம்பவில்லை” என்பதில் இல்லாத எரிச்சல் முழுவதும் இதில் இருக்கிறது.

வராது என்ற சொல்லுக்கு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொரு பொருளும் உண்டு. “எனக்குத் தமிழ் வராது” என்றால் அந்தத் திறன் எனக்கு இல்லை என்று பொருள். “எனக்குத் தமிழ் வரவில்லை” என்றால் முயன்றுகொண்டிருக்கிறேன், இன்னும் கைகூடவில்லை என்று பொருள். உங்கள் நிலையில் இரண்டாவதைச் சொல்லலாம். முதலாவதைச் சொல்ல வேண்டாம்.

இனி வடிவத்தை உண்டாக்கும் வழி. ‘வர’, ‘போக’, ‘செய்ய’, ‘கேட்க’, ‘இருக்க’ போன்ற எச்சங்களின் கடைசி அகரத்தை நீட்டி ஆகாரம் ஆக்குங்கள்: வரா, போகா, செய்யா, கேட்கா, இருக்கா. இதுதான் எதிர்மறை அடி. இதோடு ‘து’ சேர்ந்தால் வராது, ‘த’ சேர்ந்தால் வராத, ‘மல்’ சேர்ந்தால் வராமல், ‘தே’ சேர்ந்தால் வராதே, ‘விட்டால்’ சேர்ந்தால் வராவிட்டால். ஒன்றுமே சேராமல் பெயர்ச்சொல்லின் முன் நிற்கும் பழைய வழக்கும் உண்டு. செல்லாக் காசு என்பது அப்படி நிற்பதுதான். எதிர்மறைப் பொருள் அந்த ஒரு நெடிலில்தான் இருக்கிறது என்பதை இங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சற்றுக் கீழே அது வேண்டியிருக்கும்.

நிபந்தனை வடிவத்துக்கு அடி வேறு. வந்தான் என்பதில் உள்ள ‘வந்த்’ என்ற இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்ந்து ‘வந்தால்’ ஆகிறது, போனான், போனால், கேட்டான், கேட்டால், நின்றான், நின்றால். அடி இறந்தகாலத்தது என்றாலும் பொருளில் இறந்தகாலம் இல்லை. “நாளை வந்தால் பார்ப்போம்” என்று தடையின்றிச் சொல்லலாம். இது உங்களுக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் இந்தியிலும் நாளை நடக்கக்கூடியதை ‘ஆயா தோ’ என்று இறந்தகால வடிவத்தில் சொல்லும் வழக்கம் உண்டு. சிக்கல் அதற்கு எதிர்மறை காணும்போதுதான் எழுகிறது. ‘நஹீ ஆயா தோ’ என்பதை அப்படியே மாற்றினால் ‘வரவில்லை என்றால்’ என்று கிடைக்கிறது. அது பல இடங்களில் பொருந்தியும் விடுவதால், இந்தி பேசுபவர்கள் அந்த ஒன்றையே எல்லா இடத்திலும் வைத்து ஓட்டிவிடுகிறார்கள். வராவிட்டால் என்ற வடிவம் அவர்களுக்குக் கேட்டுப் புரிகிற சொல்லாகவே நின்றுவிடுகிறது. சொல்ல முயலும்போது நாக்கு வேறெங்கோ போகிறது. எங்கே போகிறது என்பதற்கு ஒரு நாயும் ஒரு சோபாவும் உதவும்.

நாயை உள்ளே வரவிட்டால் சோபா பாழ்.
நாய் உள்ளே வந்துவிட்டால் சோபா பாழ்.
நாய் உள்ளே வராவிட்டால் சோபா பிழைக்கும்.

மூன்றிலும் ‘விட்டால்’ இருக்கிறது. மூன்றிலும் அது செய்யும் வேலை வேறு. முதலாவதில் ‘விடு’ தன் சொந்தப் பொருளில், அனுமதித்தல் என்ற பொருளில் வருகிறது. நாயை உள்ளே விடுபவர் ஒருவர் இருக்கிறார். அதனால்தான் ‘நாயை’ என்று ஐ உருபு வந்தது. இரண்டாவதில் ‘விடு’ துணைவினையாகி, வந்தது வந்ததுதான், இனித் திருப்ப முடியாது என்ற முடிவுத்தன்மையைச் சேர்க்கிறது. மூன்றாவதில் எதிர்மறை அடியோடு சேர்ந்து, வருதல் நிகழாத நிலையை நிபந்தனையாக்குகிறது. அனுமதி, முடிவு ஆகிய பொருள்கள் அங்கே அறவே இல்லை. வரவிட்டால், வராவிட்டால் என்ற இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஒரு துணைக்கால் மட்டுமே. பேச்சில் அந்த நெடிலை ஓர் இமைப்பொழுது கூடுதலாக நிறுத்தாவிட்டால் கேட்பவர் எதிர்ப்பொருள் கொள்வார். ‘போகவிட்டால்’, ‘போகாவிட்டால்’, ‘பேசவிட்டால்’, ‘பேசாவிட்டால்’ என்று இணை இணையாக உரக்கச் சொல்லிப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் ஐ உருபைத் தேடுங்கள்: யாரை, எதை என்ற கேள்விக்கு விடையாக ஒருவர் அனுமதிக்கப்படுகிறார் என்றால் குறில், வரவேண்டியவர் வராமற்போவது என்றால் நெடில்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருகிறேன். பின்வரும் இரண்டு வாக்கியங்களும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்து, ஓர் இடத்தில் மட்டும் மாறுகின்றன.

நீங்கள் பேசாவிட்டால் கூட்டம் முடிந்துவிடும்.
நீங்கள் பேசாமல் இருந்தால் கூட்டம் முடிந்துவிடும்.

முதலாவது ஓர் எச்சரிக்கை. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரம் எழுந்து பேசுங்கள், இல்லையேல் வாய்ப்புப் போய்விடும் என்று பக்கத்தில் இருப்பவர் காதோடு சொல்கிறார். இரண்டாவது ஒரு கெஞ்சல். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்பது அதன் பொருள். காரணம் ‘இருந்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. பேசாவிட்டால் என்பது ஒரு செயல் நிகழவில்லை என்று மட்டும் சொல்கிறது. பேசாமல் இருந்தால் என்பதில் ‘இரு’ இருப்பதால், பேசாத நிலையில் ஒருவர் சற்று நேரம் நிலைத்திருப்பதும், பல வேளைகளில் அப்படி அடக்கிக்கொண்டிருப்பதும் சேர்ந்து வருகின்றன. “மருந்து சாப்பிடாவிட்டால் காய்ச்சல் கூடும்”, “எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாமல் இருந்தால் இருமல் குறையும்” என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: முதலாவதில் செய்ய வேண்டியது விடுபடுகிறது, இரண்டாவதில் செய்ய ஆசைப்படுவது தவிர்க்கப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் இந்த எல்லை இவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுக்கும் இடையே தயங்கும்போது, தவிர்த்தல் என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தால் ‘ஆமல் இருந்தால்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

‘என்றால்’ சேரும் வடிவம் வேறு வகையைச் சேர்ந்தது. அது ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, அதையே உண்மையென வைத்துக்கொண்டு மேலே பேசுகிறது. “நேற்று நீங்கள் பேசவில்லை என்றால் வேறு யார் பேசியது?” என்பதில் பேசாமை முடிந்துபோன செய்தி, இங்கே பேசாவிட்டால் என்று வைத்தால் வாக்கியம் நிற்காது. முழு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வதால் காலமும் மறுப்பும் வேண்டியபடி அதனுள் வரலாம்: “அவர் பேசமாட்டார் என்றால் வேறொருவரை அழைப்போம்”, “அவர் பேசுவதில்லை என்றால் ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது”. ‘பேசாவிட்டால்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இந்த நெகிழ்ச்சி கிடையாது. அது இன்னும் முடிவாகாத, இனித் தெரியவேண்டிய ஒன்றின்மீதே இயல்பாக நிற்கும்.

பேச்சுவழக்கில் இந்த எல்லை கரைந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரவில்லையென்றால் என்பது ‘வரலைன்னா’ ஆகி, வராவிட்டால் இருக்கவேண்டிய இடத்திலும் தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது. “நாளைக்கு வரலைன்னா ஃபோன் பண்ணு” என்று எல்லோரும் சொல்கிறோம். வராவிட்டால் என்பதன் பேச்சு வடிவமான ‘வராட்டி’ தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் காதில் விழும். எனவே பேசும்போது ‘வரலைன்னா’ ஒன்றை வைத்துக்கொண்டே நீங்கள் காலம் தள்ளலாம். எழுதும்போது அது போதாது. எழுத்தில் இன்னும் மேலே போனால் ‘வராதெனில்’, ‘வராதாயின்’ என்ற வடிவங்களும் எதிர்ப்படும். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் “கிட்டாதாயின் வெட்டென மற” என்ற ஔவையின் அடியில் உள்ள நிபந்தனை இவ்வகைப்பட்டது. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், நீங்களாக எழுத வேண்டிய தேவை குறைவு.

நடந்து முடிந்ததை மாற்றிக் கற்பனை செய்யும்போது மட்டும் ‘இருந்திருந்தால்’ தேவைப்படுகிறது. “மழை பெய்யாவிட்டால் போவோம்” என்பது இனி வரும் மாலைக்கு. “மழை பெய்யாமல் இருந்திருந்தால் போயிருப்போம்” என்பது கடந்துபோன மாலைக்கு. மழை பெய்தது, போகவில்லை என்ற இரண்டு உண்மைகளும் அதற்குள் இருக்கின்றன. பின்பாதி எதிர்மறையானால் அங்கேயும் பழைய திணை எல்லை திரும்ப வருகிறது: “சொல்லியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான்”, “மூடியிருந்தால் பால் திரிந்திருக்காது”.

இவையெல்லாம் ஒரே துண்டுச் சீட்டில் கூடி நின்றதை ஒருமுறை பார்த்தேன். என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒருவர், அவரும் இந்தி பேசுபவர், தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்காக எழுதிய வரிகள் இவை:

“நாளை காலை தண்ணீர் வரவில்லை. லாரி வரமாட்டான் என்றால் மாலை வரை சமாளிக்க வேண்டும். லாரி வரவிட்டால் மோட்டார் போட வேண்டாம்.”

முதல் வாக்கியத்தைப் படித்தவர்கள் ‘நாளை’ என்பது எழுத்துப்பிழை, ‘இன்று’ என்றிருக்க வேண்டும் என்று நினைத்துக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், வேண்டியது ‘வராது’. இரண்டாவதில் லாரிக்கு ஆண்பால் கிடைத்திருக்கிறது. அதை ‘வராது என்றால்’ என்று மட்டும் திருத்தினால் திணை சரியாகும். ஆனால் லாரி வராதென்று முன்பே தெரிந்துவிட்டது போன்ற தொனி வரும். அவருக்கோ வரலாம், வராமலும் போகலாம் என்ற ஐயமே இருந்தது, எனவே ‘வராவிட்டால்’. மூன்றாவதுதான் ஆபத்தானது. லாரி வந்து கீழ்த்தொட்டி நிறைந்தால்தான் மோட்டார் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் மோட்டார் சூடேறிப் பழுதாகும். அவர் எழுதியபடி படித்தால், லாரியை உள்ளே விட்டால் மோட்டாரைப் போடவேண்டாம் என்று ஏறக்குறைய நேர் எதிரான கட்டளை கிடைக்கிறது. ‘போட வேண்டாம்’ என்பதும் இங்கே மென்மை. அது வேண்டுகோளாகவோ, தேவையில்லை என்றோ ஒலிக்கும். கேடு வரும் என்ற இடத்தில் விலக்குவதற்குக் ‘கூடாது’ இருக்கிறது. திருத்திய சீட்டு இப்படி ஒட்டப்பட்டது:

“நாளை காலை தண்ணீர் வராது. லாரியும் வராவிட்டால் மாலை வரை சமாளிக்க வேண்டியிருக்கும். லாரி வராமல் மோட்டார் போடக் கூடாது.”

கடைசி வரியில் ‘வராவிட்டால்’ என்பதை மறுபடியும் எழுதாமல் அவரே ‘வராமல்’ என்று மாற்றிக்கொண்டார். லாரி வருவதற்கு முன் யாரும் பொத்தானைத் தொடக்கூடாது என்பது அதில் இன்னும் நேராக விழுகிறது. நான் சொல்லிக்கொடுத்திருந்ததைவிட அது நல்ல வாக்கியம்.